வன்கொடுமை வழக்கில் சமரசம் எந்த வழியாக நுழைகிறது?

உரிமையியல் நீதிபதி தேர்வுக்குப் படிக்கும் தோழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆய்வுக்காக வன்கொடுமை வழக்குக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருப்பவன் என்பதால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். சென்ற மாதம் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவில், அதாவது பொதுப் பார்வையில் பட்டியலினத்தவரை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதித்த குற்றத்தில், தண்டனை குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு. இதில் குற்றம் சாட்டப்பட்டவர் 'ப்ளீ பார்கெய்னிங்', அதாவது குற்ற ஒப்புதல் பேரம் கேட்டு மனுப்போட முடியுமா?

ஏழு பேரில் ஆறு பேர் 'முடியும்' என்று எழுதியிருந்தார்கள். காரணமும் தெளிவாக இருந்தது: 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பேரம் உண்டு, இது 5 ஆண்டுதான், ஆகவே பொருந்தும். கணக்கு சரி. விடைதான் தவறு. ஏன் தவறு என்று விளக்கப் போய், அன்றைய வகுப்பு முழுவதும் இதிலேயே கழிந்தது. தேர்வில் ஒரு மதிப்பெண் போகும் விஷயம்தான் இது. ஊரில் இதே விஷயத்தில் ஒரு வழக்கே போய்விடுகிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பத்திரிகைகளில் இரண்டையும் 'சமரசம்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் இவை வேறு வேறு.

ஒன்று, குற்றத்தைச் சமரசம் செய்துகொள்வது. வக்கீல்கள் 'காம்பவுண்ட் பண்றது' என்பார்கள். பழைய நடைமுறைச் சட்டத்தில் 320ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 359ஆவது பிரிவு. அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தக் குற்றம், அதை யார் சமரசம் செய்யலாம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். சாதாரணக் காயம் என்றால் காயம்பட்டவர், மிரட்டல் என்றால் மிரட்டப்பட்டவர், அத்துமீறி நுழைந்தது என்றால் அந்த இடத்தை அனுபவத்தில் வைத்திருப்பவர். சிலவற்றுக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டாம், கொடுங்காயம், மோசடி போன்ற சிலவற்றுக்கு வேண்டும். பட்டியலில் இல்லாத குற்றத்தைச் சமரசம் செய்ய முடியாது என்று அந்தப் பிரிவே கடைசியில் சொல்லி முடிக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, அப்பா போட்டாலும் செல்லாது, பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே இருந்தாலொழிய. அப்போதுகூட நீதிமன்ற அனுமதி வேண்டும். சமரசத்தின் விளைவு என்னவென்றால், எதிரி விடுதலை. குற்றமே செய்யாதவருக்குக் கிடைக்கும் அதே விடுதலை.

இரண்டாவது, குற்ற ஒப்புதல் பேரம். 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்டு 2006 ஜூலை 5 முதல் நடப்புக்கு வந்தது. இதில் எதிரி குற்றவாளிதான். பதிவேட்டில் தண்டனை ஏறும். ஆனால் தண்டனையின் அளவு குறையும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை பேசி முடிக்கப்படும். எதிரி தானாக முன்வந்து மனுச் செய்யவேண்டும், முன்பு இதே குற்றத்தில் தண்டனை பெற்றதில்லை என்று பிரமாணப் பத்திரம் தரவேண்டும். நீதிபதி அவரைத் தனியே விசாரித்து, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். பிறகு அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, எதிரி, பாதிக்கப்பட்டவர் எல்லோரும் உட்கார்ந்து பேசவேண்டும். புதிய சட்டம், குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப்போடவேண்டும், 60 நாளுக்குள் பேசி முடிக்கவேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. இந்த வழியில் வந்த தீர்ப்பின் மீது மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்ற ரிட்டோ உச்ச நீதிமன்ற சிறப்பு அனுமதி மனுவோதான் மிச்சம்.

எவையெல்லாம் இதற்குத் தகுதி என்பதில்தான் என் மாணவத் தோழர்கள் தடுக்கி விழுந்தார்கள். 7 ஆண்டுக்கு மேல் தண்டனை இருந்தால் கிடையாது என்பது ஒரு நிபந்தனை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றம் என்றால் கிடையாது என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு: நாட்டின் சமூக, பொருளாதார நிலையைப் பாதிக்கும் குற்றங்களுக்குக் கிடையாது. அவை எவை என்று ஒன்றிய அரசு அறிவிக்கை மூலம் சொல்லும். 2006 ஜூலை 11 அன்று அந்த அறிவிக்கை வந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம், குடும்ப வன்முறைச் சட்டம், சதி தடுப்புச் சட்டம், வெடிபொருள் சட்டம், டெல்லி மெட்ரோ சட்டம், சினிமாட்டோகிராப் சட்டம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பலவற்றை அதில் அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்குக்கு நடுவே 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன.

ஆகவே 3(1)(ஆர்) குற்றத்துக்குப் பேரம் கிடையாது. அந்த அறிவிக்கை பழைய சட்டத்தின் கீழ் வந்ததுதான். பழைய அறிவிக்கைகளைப் புதியதன் கீழ் வந்தவையாகவே கொள்ளவேண்டும் என்று புதிய சட்டத்தின் 531ஆவது பிரிவு சொல்வதால் அது உயிரோடு இருக்கிறது.

அந்த அறிவிக்கை மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றத்தில் பேரம் முடிந்தால் அதில் பாதி தரலாம். முதல்முறைக் குற்றவாளி என்றால் புதிய சட்டப்படி கால் பங்கு. 6 மாதத்தில் கால் பங்கு என்றால் ஒன்றரை மாதம். ஊர் நடுவில் ஒருவரைச் சாதி சொல்லி அவமதித்தவர் 45 நாளில் வெளியே வந்து, திருவிழாவில் முதல் மரியாதை வாங்கியிருப்பார். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்கும் சலுகைகூட கிடையாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. குறைந்தபட்சத் தண்டனை குறையவே கூடாது என்று நாடாளுமன்றம் நினைத்திருக்கிறது என்பது அதிலிருந்தே புரியும். ஆனால் பேரத்திலிருந்து இந்தச் சட்டத்தைக் காப்பது நாடாளுமன்றம் எழுதிய பிரிவு அல்ல, அரசு வெளியிட்ட ஓர் அறிவிக்கையில் உள்ள ஒரு வரி. அதை மாற்ற இன்னொரு அறிவிக்கை போதும். இதை நம் இயக்கங்களில் பலர் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை.

சமரசப் பட்டியலிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லை. இரண்டு கதவும் மூடியிருக்கின்றன. அப்படியானால் ஊரில் இத்தனை வழக்குகள் எப்படி 'பேசி முடிக்க'ப்படுகின்றன?

நான் கோப்பைப் படித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். 2022இல் நடந்தது, ஆகவே பழைய இந்திய தண்டனைச் சட்ட எண்களையே பயன்படுத்துகிறேன். நூற்பாலையில் வேலை செய்யும் 20 வயதுப் பையன், நண்பனைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆதிக்கச் சாதித் தெரு வழியாகப் பைக்கில் வருகிறான். டீக்கடை முன்னால் நான்கு பேர் வண்டியை மறித்து, சாவியைப் பிடுங்கி, சாதி சொல்லித் திட்டி, கன்னத்தில் அறைகிறார்கள். 'இனி இந்தத் தெருவுல வண்டி ஓட்டிப் பாரு' என்று மிரட்டி அனுப்புகிறார்கள். மறுநாள் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. வழிமறித்ததற்கு 341, ஆபாசமாகத் திட்டியதற்கு 294(பி), அடித்ததற்கு 323, மிரட்டியதற்கு 506(1). கூடவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்). முதல் தகவல் அறிக்கை பதிவானதால் தீருதவித் தொகையில் கால் பங்கு, 1 லட்சத்தில் 25 ஆயிரம், பையனுக்கு வருகிறது.

அன்று இரவே எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் வாங்கி, பையன் மீதும் நண்பன் மீதும் 294(பி), 323 என்று எதிர்வழக்கும் போட்டிருக்கிறார்கள். அடி வாங்கியவர்கள் மீதே அடித்ததாக வழக்கு. இது ஏன் என்பது பின்னால் புரியும்.

விதிப்படி டி.எஸ்.பி. தரத்தில் உள்ள அதிகாரிதான் விசாரிக்கவேண்டும், விசாரித்தார். டீக்கடையில் இருந்த இரண்டு பேரிடம் வாக்குமூலம் வாங்கினார். இருவரும் அதே தெருக்காரர்கள். 'சத்தம் கேட்டது, தள்ளுமுள்ளு நடந்தது, சாதி பற்றி ஏதும் கேட்கவில்லை.' பின்னால் உட்கார்ந்து வந்த நண்பனின் வாக்குமூலத்தில் சாதிச் சொல் அப்படியே இருக்கிறது, ஆனால் அவன் 'சொந்தச் சாட்சி'. பொதுப் பார்வையில் சாதி சொல்லித் திட்டியதற்குச் சான்று இல்லை என்று பிரிவு மாற்ற அறிக்கை தாக்கலானது. ஸ்டேஷன் மொழியில் 'ஆல்ட்ரேஷன் ரிப்போர்ட்'. 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டும் போயின. மிச்சம் 341, 294(பி), 323, 506(1). குற்றப்பத்திரிகை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. வன்கொடுமைப் பிரிவில் குற்றப்பத்திரிகை தாக்கலானால் வரவேண்டிய பாதித் தொகை, 50 ஆயிரம், வரவில்லை.

இப்போது அந்த நான்கு எண்களையும் சமரசப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 341 இருக்கிறது. 323 இருக்கிறது. 506 இருக்கிறது. மூன்றுக்கும் நீதிமன்ற அனுமதிகூட வேண்டாம். பையன் கையெழுத்துப் போட்டால் போதும். 294(பி) மட்டும் பட்டியலில் இல்லை. அதற்கு அதிகபட்சம் 3 மாதம் அல்லது அபராதம். அதை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். இதற்குப் பேரமெல்லாம் தேவையே இல்லை, வழக்கமான குற்ற ஒப்புதலே போதும்.

அப்படித்தான் நடந்தது. இரண்டு வழக்கும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளப்பட்டன. 'நீ அதை விடு, நாங்க இதை விடுறோம்.' எதிர்வழக்கு எதற்கு என்று கேட்டோமே, இதற்குத்தான். வன்கொடுமைப் பிரிவு இருக்கும்வரை இரண்டு வழக்கும் தராசில் சமமாக நிற்காது. ஒன்றைச் சமரசம் செய்யலாம், மற்றதைச் செய்ய முடியாது. பிரிவு நீங்கியதும் இரண்டும் ஒரே எடை ஆகிவிடுகின்றன. பையனின் அப்பாவுக்கு அந்தத் தெருக்காரர்களின் வயலில்தான் கூலி. நூற்பாலை வேலைக்கு இடையில் வாய்தாவுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் சம்பளம் போகிறது. மேலே ஒரு வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் வராது, போலீஸ் வேலைக்குப் போக முடியாது என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். பையன் கையெழுத்துப் போட்டான். மூன்று பிரிவிலும் எதிரிகள் விடுதலை. நான்காவதில் அபராதம். அந்தக் கோப்பின் கடைசித் தாளை மட்டும் படிப்பவருக்கு, சாதி என்ற ஒன்று அந்த டீக்கடைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்று தோன்றும்.

இந்தக் கதையில் நீதிமன்றம் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நடுவர் தன் முன்னால் உள்ள எண்களைப் பார்த்தார், அவை சமரசத்துக்குரியவை, அனுமதித்தார். எந்தக் குற்றம் சமரசத்துக்குத் தகுதி என்பதைத் தீர்மானித்தது 320ஆவது பிரிவு அல்ல, பிரிவு மாற்ற அறிக்கை. நாம் வழக்கமாகக் கடைசி நாள் கையெழுத்தைப் பற்றித்தான் பேசுகிறோம், 'காசுக்கு விலை போயிட்டான்' என்று. அந்தக் கையெழுத்துக்குப் பல மாதம் முன்பே கதவு திறக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கோப்பில் என்னை உறுத்தியது இன்னொன்று. சாதிச் சொல்லை யாரும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வழக்கு வன்கொடுமைச் சட்டத்தை விட்டு வெளியே போயிருக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 3(2)(விஏ) என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் சில குற்றங்களை அட்டவணையாகப் போட்டு, பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர் என்று தெரிந்தே அவற்றைச் செய்தால் அது வன்கொடுமை என்கிறது. அந்த அட்டவணையில் 323 இருக்கிறது, 341 இருக்கிறது, 506 இருக்கிறது. அதாவது சமரசப் பட்டியலில் இருக்கும் அதே மூன்று எண்கள்.

இங்கே சாதிச் சொல் தேவையில்லை, பொதுப் பார்வையும் தேவையில்லை. தெரிந்திருந்தால் போதும். தெரியுமா என்பதற்கும் அதே திருத்தம் வழி செய்திருக்கிறது: பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரிக்கு நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லையென்று காட்டவேண்டியது எதிரியின் பொறுப்பு என்று 8ஆவது பிரிவு சொல்கிறது. பையனின் அப்பா கூலிக்குப் போவதே அந்தத் தெருக்காரர்களின் வயலுக்குத்தான். அவன் யார் வீட்டுப் பையன் என்று தெரியாமலா மறித்தார்கள்?

ஒரே அறை. வெறும் 323 என்று எழுதினால் நடுவர் நீதிமன்றம், கையெழுத்து, விடுதலை. 323 உடன் 3(2)(விஏ) என்று சேர்த்து எழுதினால் சிறப்பு நீதிமன்றம், சமரசம் கிடையாது, பேரம் கிடையாது. தண்டனையின் அளவுகூட மாறாது, தண்டனைச் சட்டம் 323க்குச் சொல்லும் ஓராண்டுதான் அதிகபட்சம். மாறுவது கதவு மட்டும். முதல் தகவல் அறிக்கையிலேயே 3(2)(விஏ) இல்லாததால், (ஆர்), (எஸ்) இரண்டையும் உருவியதும் வழக்கு தானாகவே வெளியே வந்து விழுந்துவிட்டது. நான் புரட்டிய கோப்புகளில் இந்த விடுபடல் ஒருமுறை பார்த்த அதிசயம் அல்ல. எழுத்தரின் மறதியா, வேண்டுமென்றேவா என்று ஒவ்வொன்றிலும் சொல்ல என்னால் முடியாது. விளைவு ஒன்றுதான். இன்று புகார் கொடுப்பவர்கள் புதிய எண்களைப் பார்க்கவேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் 323க்கு நிகர் 115(2), 341க்கு நிகர் 126(2), 506க்கு நிகர் 351.

பிரிவு நீங்காமல் சிறப்பு நீதிமன்றம் வரை வந்த வழக்குகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அது மேலே. இரு தரப்பும் கூட்டாகக் கையெழுத்திட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்பது, 'குவாஷ்' மனு. சமரசப் பட்டியலில் இல்லாத குற்றத்தையும் உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தில் ரத்து செய்யலாம், அது சமரசம் செய்வதிலிருந்து வேறுபட்ட அதிகாரம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொடிய குற்றங்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. வன்கொடுமைச் சட்டத்துக்குப் பொருந்துமா?

2021 அக்டோபர் 25 அன்று ராமாவதார் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் பதில் வந்தது. 1994இல் நடந்த சம்பவம். அண்டை வீட்டாருக்குள் சொத்துத் தகராறு, செங்கல் வீச்சு, பட்டியலினப் பெண்ணைச் சாதி சொல்லித் திட்டியது. கீழ் நீதிமன்றம் 6 மாதம் கடுங்காவல் தந்தது, உயர் நீதிமன்றம் 2010இல் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இருவரும் சமரச மனுப்போட்டார்கள். நீதிபதிகள் ரமணா, சூர்யகாந்த், ஹிமா கோலி அமர்வு, அரசமைப்பின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தித் தண்டனையையே ரத்து செய்தது.

இந்தத் தீர்ப்பை 'வன்கொடுமை வழக்கிலும் சமரசம் செய்யலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு' என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஊருக்குள் பரப்புகிறார்கள். அது அரை உண்மை. தீர்ப்பு கட்டுப்பாடுகளையும் வைக்கிறது. இந்தச் சட்டம் வரலாற்று அநீதியை முன்னிட்டு வந்தது என்பதால் நீதிமன்றங்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கவேண்டும், கட்டாயத்தின் சாயல் இருந்தால்கூட நிவாரணம் தரக்கூடாது என்கிறது. குற்றம் அடிப்படையில் தனிப்பட்டதாகவோ உரிமையியல் தன்மை கொண்டதாகவோ இருந்தால், அல்லது சாதியின் காரணமாக நடக்காததாக இருந்தால், அல்லது வழக்கைத் தொடர்வதே சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டுமே ரத்து என்கிறது. சம்பவம் நடந்து 27 ஆண்டு கடந்தது, இடையில் மோதல் இல்லாதது, எதிரியும் பொருளாதாரத்தில் மேம்பட்டவர் இல்லை என்பது, இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியே அந்த முடிவுக்கு வந்தது. நேற்று நடந்த சம்பவத்துக்கு நாளை ரத்து கேட்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு அவ்வளவு சுலபமாகத் தோள் கொடுக்காது. உங்கள் வக்கீல் அதை எடுத்துச் சொல்லவேண்டும்.

ஆனாலும் அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று இருக்கிறது. திட்டியதன் மூல காரணம் சொத்துத் தகராறு, ஆகவே சாதி இழிவு நோக்கம் அல்ல என்ற வாதம். நிலம் ஒரு பக்கம், சாதி ஒரு பக்கம் என்று நம் ஊரில் எங்கே பிரிந்து கிடக்கிறது? பஞ்சமி நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாலே விடை வந்துவிடும். வரப்புத் தகராறில் சம சாதிக்காரனைத் திட்டும்போது ஒரு சொல் வருகிறது, பட்டியலினத்தவரைத் திட்டும்போது வேறு சொல் வருகிறது. கோபத்துக்குக் காரணம் வரப்புதான். அந்தச் சொல்லுக்குக் காரணம் வரப்பு அல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், சொத்துத் தகராறு என்று ஒரு பழைய மனுவைக் கோப்பில் செருகுவது மட்டுமே எதிர்த்தரப்பின் வேலையாகிவிடும்.

சமரசமே கூடாது என்று சொல்ல வரவில்லை. கையெழுத்துப் போட்ட அந்தப் பையனிடம் கொள்கை பேச எனக்கு உரிமை இல்லை, வாய்தாவுக்கு அவன்தான் போனான். சமரசம் செய்யலாமா என்ற முடிவு அவனுடையது. ஆனால் அப்படி ஒரு முடிவை எடுக்கவேண்டிய இடத்துக்கே அவன் வந்திருக்கக் கூடாது, சட்டம் அதற்காகத்தான் அந்தச் சுமையை அவன் தோளிலிருந்து எடுத்திருந்தது. 'என்னால விட முடியாதுங்க, கேஸ் அப்படி' என்று சொல்ல முடிவது, கூலிக்குப் போகும் குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு. பிரிவை உருவியவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவனிடமிருந்து பிடுங்கினார்கள்.

அதைத் திரும்பப் பெற வழி இல்லாமல் இல்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பது 15ஏ பிரிவு தரும் உரிமை. வாங்கிய அன்றே 3(2)(விஏ) இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் டி.எஸ்.பி.க்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிரிவு மாற்ற அறிக்கை தாக்கலான செய்தி தெரிந்தால் அது போன நீதிமன்றத்திலேயே ஆட்சேப மனுப் போடலாம், மேல்விசாரணை கேட்கலாம். நீதிமன்றத்தின் எந்த நடவடிக்கையிலும் தன்னைக் கேட்கவேண்டும் என்று கோர அதே 15ஏ பாதிக்கப்பட்டவருக்கு இடம் தருகிறது. தீர்ப்புச் சொல்லும் வரை எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டைத் திருத்தவோ சேர்க்கவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, பழைய சட்டத்தில் 216, புதியதில் 239. நண்பனின் வாக்குமூலம் ஒன்றே அதற்குப் போதிய அடிப்படை. இவற்றில் எதுவும் சமரசக் கையெழுத்துக்குப் பிறகு பயன்படாது, ஏனென்றால் சமரசம் என்பது விடுதலை. அதே குற்றத்துக்கு மறுபடி விசாரணை வைக்க முடியாது.

சென்ற வாரம் அதே ஊரிலிருந்து அந்த நண்பன், பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன், போன் செய்தான். கோயில் விழாவில் இன்னொரு தகராறு, அவன் தம்பிக்கு அடி. முதல் தகவல் அறிக்கை கையில் இருக்கிறது என்றான். எண்களை மட்டும் படிக்கச் சொன்னேன். 115(2), 296(பி), 351(2), 3(1)(ஆர்), 3(1)(எஸ்). அதற்கப்புறம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்டேஷன் முத்திரைதான் இருக்கிறது என்றான். மனுவை அன்று இரவே எழுதி அனுப்பினேன், மறுநாள் டி.எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்கிறான்.